மாத விலையா, ஆண்டுத் தொகையா: எதைப் பெரிதாகக் காட்டுவது?

கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்றின் இணையதள விலைப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். மாதாமாதம் கட்டினால் 499 ரூபாய். ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் 4,788.

முதல் வழி, ஆண்டுத் திட்டத்தை ‘மாதம் 399’ என்று பெரிய எழுத்தில் போடுவது. திட்டங்களை அருகருகே ஒப்பிட இது வசதிதான். ஆனால் 399 கட்ட வந்த கடைக்காரர், பணம் கட்டும் திரையில் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து 5,649.84 என்று பார்க்கிறார். அங்கேயே பக்கத்தை மூடிவிடுவார். ‘வாங்கு’ பொத்தானை அழுத்துபவர்கள் நிறைய, கட்டி முடிப்பவர்கள் குறைவு என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது வழி, ‘ஆண்டுக்கு 4,788 + ஜிஎஸ்டி = 5,649.84’ என்று பெரிதாகவும் ‘மாதம் 399 வீதம், வரி தனி’ என்று கீழே சிறிதாகவும் போடுவது. அழுத்துபவர்கள் குறையலாம்; ஆனால் கட்டும் திரையில் அதிர்ச்சி இருக்காது. என் தேர்வு இதுதான்.

சரி, பெரிய தொகையைப் பார்த்ததும் ‘பாதியில் நிறுத்தினால் மீதிப் பணம் வருமா?’ என்ற கேள்வி எழும். அதற்கான பதிலைப் பக்கத்தின் அடியில் புதைக்காமல், பொத்தானுக்கு நேர் கீழே எழுதுங்கள்: ‘14 நாளுக்குள் நிறுத்தினால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். அதன்பின் கிடைக்காது, ஆண்டு முடியும்வரை பயன்படுத்தலாம்.’ மற்ற சந்தேகங்கள் ஒப்பீட்டு அட்டவணைக்குக் கீழே இருந்தால் போதும்.