ஒரே வழக்கு, மூன்று விதத் தேதிப் பட்டியல்: எதை நம்பி வழக்குரை எழுதலாம்?

கிரய ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரக் கேட்கும் வழக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒப்பந்தம் 04.03.2022 அன்று எழுதப்பட்டது. கிரயத்தை எப்போது முடிக்க வேண்டும் என்று அதில் நாள் குறிக்கவில்லை. வாங்குபவரின் வக்கீல் அனுப்பிய நோட்டீசுக்கு, கிரயம் செய்து தர முடியாது என்று எதிர்த்தரப்பு வக்கீல் பதில் அனுப்புகிறார். பதிலின் தலைப்பில் இருக்கும் தேதி 24.01.2023. அது வாங்குபவரின் வக்கீல் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது 30.01.2023. வழக்கு தாக்கலானது 28.01.2026.

1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்ட அட்டவணையின் 54ஆம் கூறு இதற்கு மூன்று ஆண்டு தருகிறது. ஒப்பந்தத்தில் நாள் குறித்திருந்தால் அந்த நாளிலிருந்து கணக்கு. குறிக்காவிட்டால், மறுக்கிறார்கள் என்பது வாதிக்குத் தெரிந்த நாளிலிருந்து. தொடங்கும் நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே 30.01.2023 என்றால் கடைசி நாள் 30.01.2026, வழக்கு பிழைத்தது. “24.01.2023 அன்று பிரதிவாதி மறுத்தார்” என்று வழக்குரையில் எழுதி, கிடைத்த நாளைச் சொல்லாமல் விட்டால், அந்த எழுத்துப்படியே நான்கு நாள் தாமதம். வழக்குரையை நிராகரிக்கக் கோரும் மனுவில் (கட்டளை 7, விதி 11) நீதிமன்றம் பார்ப்பது வழக்குரையையும் அதனுடன் வைத்த ஆவணங்களையும்தான். உங்கள் மனதில் இருந்த 30ஆம் தேதி அங்கே உதவிக்கு வராது.

இந்த ஒரு இடத்தை வைத்தே, தேதிப் பட்டியல் தயாரிக்க நடைமுறையில் இருக்கும் மூன்று வழிகளையும் சோதித்துப் பார்க்கலாம்.

முதல் வழி, ஒவ்வொரு மனு எழுதும்போதும் கட்டைப் புரட்டிப் புதிதாகத் தேதிப் பட்டியல் தயாரிப்பது. உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனுவுக்கு முன்னால் சுருக்கமும் ‘லிஸ்ட் ஆஃப் டேட்ஸ்’ஸும் வைக்கிறோமே, அந்தப் பழக்கம்தான். படிக்க இனிமையாக இருக்கும். நீதிபதிக்குக் கதை ஓடும். ஆனால் வழக்குரையை சீனியர் எழுதுகிறார், இடைக்காலத் தடை மனுவின் பிரமாணப் பத்திரத்தை ஒரு ஜூனியர் எழுதுகிறார், முதன்மை விசாரணைக்கான பிரமாணப் பத்திரத்தை இரண்டு வருடம் கழித்து வேறொருவர் எழுதுகிறார். மூவரும் அதே பதில் நோட்டீசைத்தான் பார்க்கிறார்கள். ஒருவர் கண்ணில் தலைப்புத் தேதி படுகிறது, இன்னொருவர் கண்ணில் உறையின் முத்திரை படுகிறது. இருவரும் கவனக்குறைவானவர்கள் இல்லை. ஒரே காகிதத்தில் இரண்டு தேதி இருக்கிறது, அவ்வளவுதான். குறுக்கு விசாரணையில் வாதியிடம் இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டி “எது உண்மை?” என்று கேட்கும்போதுதான் முரண் வெளிவரும். விசாரணை தொடங்கியபின் வழக்குரையைத் திருத்த வேண்டுமானால், உரிய அக்கறையுடன் இருந்தும் அதற்கு முன் எழுப்ப முடியவில்லை என்று காட்ட வேண்டும் (கட்டளை 6, விதி 17). ஆரம்பத்திலிருந்தே நம் கட்டில் இருந்த உறையை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்வது கடினம்.

இரண்டாவது வழி, ஆவணங்களைத் தேதி வரிசையில் அடுக்கி, அந்த அட்டவணையையே காலவரிசையாக வைத்துக்கொள்வது. முதல் வழியை விட இது நம்பகமானது, ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு காகிதம் இருப்பதால். ஆனால் ஆவணத்தின் தேதியும் சம்பவத்தின் தேதியும் ஒன்றில்லை. நம் நோட்டீசையே பாருங்கள்: எழுதியது 06.01.2023 வெள்ளிக்கிழமை, அஞ்சல் ரசீது 09.01.2023 திங்கள், ஒப்புகை அட்டையில் கையெழுத்து 11.01.2023. ஆவண அட்டவணையில் இது “06.01.2023 நோட்டீஸ்” என்று ஒரே வரி.

இதைவிடப் பெரிய குறை, காகிதம் இல்லாத சம்பவங்கள் இதில் ஏறுவதே இல்லை. கட்சிக்காரர் பேச்சுவாக்கில், “நோட்டீஸ் கிடைச்சதும் 16ஆம் தேதி போன் பண்ணி முடியாதுன்னுட்டார் சார்” என்கிறார். அந்தப் போனில் திட்டவட்டமாக மறுத்திருந்தால் மூன்று ஆண்டு 16.01.2026 அன்றே முடிகிறது. 28ஆம் தேதி தாக்கல் செய்தது பயன்படாது. இந்த வரி முன்கூட்டியே அட்டவணையில் இருந்திருந்தால், எந்த சீனியரும் மிக முந்தைய தேதியை வைத்துக் கணக்கிட்டு, ஜனவரி பாதிக்கு முன்பே தாக்கல் செய்திருப்பார். பிரதிவாதி போனில் சரியாக என்ன சொன்னார், “முடியாது” என்றாரா, “பணம் ரெடியானதும் பார்க்கலாம்” என்றாரா என்பதைக் கட்சிக்காரர் வாயிலிருந்து வந்த சொற்களிலேயே குறித்து வைக்க வேண்டும். நாமாக ‘மறுத்தார்’ என்று சுருக்கி எழுதுவதும் தவறு, சாதகமாக மாற்றி எழுதுவதும் தவறு.

மூன்றாவது வழிதான் என் தேர்வு. வழக்கு முழுவதற்கும் ஒரே மூல அட்டவணை. நீதிமன்றத்தில் தாக்கலாகும் ஒவ்வொரு பட்டியலும் அதிலிருந்து எடுக்கப்படும் பகுதி. ஒரு சம்பவத்துக்கு ஒரு வரி. எழுதிய நாள், அனுப்பிய நாள், கிடைத்த நாள் மூன்றும் மூன்று தனி வரிகள். ஒவ்வொரு வரியிலும் ஆதாரம் எது, எந்தப் பக்கம் என்ற குறிப்பு. ஆதாரம் வாய்மொழி என்றால் ‘வாய்மொழி’ என்றே எழுத வேண்டும். கடைசி நெடுவரிசையில், இந்தத் தேதி எந்த மனுவில் எந்தப் பத்தியில் சொல்லப்பட்டிருக்கிறது என்பது. முரணைப் பிடித்துக் கொடுப்பது இந்தக் கடைசி நெடுவரிசைதான். 30.01.2023 வரிக்கு எதிரே ‘வழக்குரை பத்தி 7’ இருந்து, 24.01.2023 வரிக்கு எதிரே ‘தடை மனு பத்தி 5, மறுத்த நாளாக’ என்று இருந்தால், தாக்கலுக்கு முன்பே கண்ணில் பட்டுவிடும்.

```
2023-01-24 | பதில் நோட்டீசின் தேதி | நோட்டீஸ், பக். 1 | தடை மனு ப.5
2023-01-30 | பதில் கிடைத்தது | உறை முத்திரை | வழக்குரை ப.7
```

தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்று எழுதியிருப்பதற்குக் காரணம் உண்டு. விரிதாளில் 30.01.2023 என்று அடித்தால் சில கணினிகள் அதை வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டு, நாளை வைத்து வரிசைப்படுத்திவிடும். 2022 செப்டம்பர் 20 அன்று ஒரு சம்பவம் இருந்தால், அது 2023 ஜனவரி 24க்கு முன்னால் சரியாக வந்துவிட்டதால் கவனிக்காமல் போய், 2022 மார்ச் 4க்கும் 2023 ஜனவரி 6க்கும் இடையில் செப்டம்பர் காணாமல் போயிருக்கும். தாக்கலாகும் பட்டியலில் மட்டும் வழக்கமான வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இந்த வழிக்கு உழைப்பு அதிகம் என்பது உண்மை. பத்துக் காகிதம் உள்ள சிறிய வழக்கில், ஒரே ஆள் தொடக்கம் முதல் முடிவு வரை எழுதினால், இரண்டாவது வழியுடன் வாய்மொழிச் சம்பவங்களுக்கு ஒரு தாளைச் சேர்த்தாலே போதும். இரண்டு பேர் எழுதும் வழக்கானால் மூல அட்டவணை வேண்டும், அதையும் ஒருவர் மட்டுமே திருத்த வேண்டும். ஆளுக்கொரு பிரதியை வைத்துக்கொண்டால் முதல் வழிக்கே திரும்பிவிடுவோம். மூல அட்டவணை அலுவலகத்துக்கு மட்டும். அதில் வாய்மொழிக் குறிப்புகள் இருப்பதால் அப்படியே தாக்கல் செய்யக் கூடாது.

எதிர்வழக்குரை வந்ததும் இன்னொரு நெடுவரிசை சேர்த்து, அவர்கள் சொல்லும் தேதிகளையும் ஏற்றுங்கள். நம் வழக்கில் பிரதிவாதி, பதில் நோட்டீஸ் 27.01.2023 அன்றே உங்களுக்குக் கிடைத்தது என்று சொல்கிறார் என்று வையுங்கள். கேட்க மூன்று நாள் வித்தியாசம்தான். ஆனால் அதன்படி கடைசி நாள் 27.01.2026, நாம் தாக்கல் செய்தது 28. ஆகவே ‘உறை முத்திரை’ என்று அட்டவணையில் எழுதிய அந்த உறையை, நோட்டீசோடு பின் அடித்த இணைப்பாக விடாமல், தனி எண் கொடுத்து ஆவணப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.