எச்சரிக்கை: நேம் பிளேட் படங்களிலிருந்து சாதனப் பட்டியல் தயாரித்துத் தருவோரிடம் பணம் கொடுக்கும் முன்

எங்கள் தங்கும் விடுதியில் உள்ள ஏசி, கீசர், ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ் அடுப்பு, தண்ணீர் மோட்டார் ஆகியவற்றின் மாடல், வோல்டேஜ், பவர், சீரியல் எண் ஆகிய நான்கையும் ஒரே எக்செல் தாளில் தொகுத்துத் தரும் வேலையை, படத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி, வெளியே ஒரு நிறுவனத்திடம் கொடுத்திருந்தோம். ஒவ்வொரு சாதனத்தின் நேம் பிளேட்டையும் படம் எடுத்துக் கொடுத்தோம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கிப் பொடி எழுத்து மங்கிவிடும் என்பதால், மூலப் படங்களையே பென் டிரைவில் போட்டுத் தந்தோம். வந்து சேர்ந்த தாளில் ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. முழுத் தொகையையும் வாங்கிய பிறகு அவர்கள் செய்திருந்தது என்ன என்பதை, இதே வேலையை வெளியே கொடுக்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் சிக்கியது பவர் கட்டம். மின்சுமையை உயர்த்துவதற்கான விண்ணப்பத்துக்காகத் தாளைப் பார்த்த எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர், "சார், ஒன்றரை டன் ஏசி எப்படி 5000 வாட்ஸ் இழுக்கும்?" என்று கேட்டார். எந்தப் படத்திலிருந்து அந்த எண் வந்தது என்று தேடி எடுத்தபோது, வெளி யூனிட்டின் தகட்டில் இப்படி இருந்தது:

```
COOLING CAPACITY     5000 W
RATED POWER INPUT    1550 W
RATED CURRENT        7.0 A
230 V ~  50 Hz  1 PH
```

மேலே இருக்கும் 5000 வாட்ஸ் என்பது, அந்த ஏசி அறையிலிருந்து எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றும் என்பதற்கான அளவு. மின்சாரத்திலிருந்து அது எடுப்பது 1550 வாட்ஸ் மட்டுமே. இரண்டுக்கும் அலகு ஒன்றாகவே இருப்பதால், வாட்ஸ் என்ற எழுத்துக்கு முன்னால் முதலில் கண்ணில் பட்ட எண்ணைப் பெயர்த்து எழுதினால் இந்தத் தவறு தப்பாமல் வரும். எங்களிடம் இதே வகை ஏசி 24 இருக்கிறது. உண்மையான கூட்டுத்தொகை 37.2 கிலோவாட்ஸ், அவர்கள் தந்த தாளின்படி 120 கிலோவாட்ஸ். அந்த எண்ணை வைத்து விண்ணப்பித்திருந்தால், தேவையே இல்லாத மின்சுமைக்கு நாங்கள் கட்டணம் கட்டிக்கொண்டிருப்போம்.

இந்தத் தவறைக் கண்டுபிடிக்கத் தேவையான எண் அதே தகட்டிலேயே இருந்தது என்பதுதான் எரிச்சலூட்டுகிறது. 230 வோல்ட்டை 7.0 ஆம்பியரால் பெருக்கினால் 1610 வருகிறது. பவர் ஃபாக்டரால் சற்றுக் குறைந்து 1550 ஆவது இயல்பு. உண்மையிலேயே 5000 வாட்ஸ் எடுக்கும் சாதனம் என்றால், 230 வோல்ட்டில் ஏறத்தாழ 22 ஆம்பியர் ஓடவேண்டும். கரண்ட் என்ற கட்டத்தை நாங்கள் கேட்கவில்லைதான். ஆனால் படிப்பவர் தன் வேலையைத் தானே சரிபார்க்க அதைவிட எளிய வழி கிடையாது. மைக்ரோவேவ் அடுப்பிலும் உள்ளே போகும் பவர் ஒன்றாகவும் சமையலுக்குக் கிடைக்கும் பவர் அதைவிடக் குறைவாகவும் தனித்தனியே அச்சிடப்பட்டிருக்கும். அங்கே அவர்கள் குறைந்த எண்ணை எடுத்திருந்தார்கள்.

சீரியல் எண் கட்டம் இதைவிட மோசம். கீசர்கள் அத்தனைக்கும் ஒரே சீரியல் எண் போடப்பட்டிருந்தது. ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே CM/L என்று தொடங்கும் ஓர் எண் இருக்கும். அது தயாரிப்பாளருக்கு வழங்கப்பட்ட உரிமத்தின் எண் என்பதால், அந்த உரிமத்தின் கீழ் வெளிவரும் எல்லாக் கீசர்களிலும் அதுவே இருக்கும். உண்மையான சீரியல் எண் தனி ஸ்டிக்கரில், பட்டைக் குறியீட்டுக்கு அடியில் இருந்தது. படத்தில் அது தெளிவாகவே தெரிகிறது.

ஏசிகளின் சீரியல் எண்கள் ஒவ்வொன்றும் வேறுவேறாக இருந்ததால், அவை சரியாக இருக்கும் என்றே எவரும் நினைப்பார்கள். ஒரு ஏசியின் கம்ப்ரசர் பழுதாகி, வாரண்டிக்காக சர்வீஸ் சென்டரில் பதிவு செய்தபோது, அப்படி ஓர் எண்ணே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தாளைத் திறந்து அந்த வரிசையை மேலிருந்து கீழாகப் பார்த்தால், 24 எண்களும் 0 என்ற இலக்கத்தில்தான் முடிகின்றன. அவை 16 இலக்க எண்கள். எக்செல் எந்த எண்ணிலும் முதல் 15 இலக்கங்களை மட்டுமே காக்கும்; பதினாறாவதை 0 ஆக்கிவிடும். முதலில் அந்தக் கட்டம் 1.23457E+15 என்பது போலக் காட்டியிருக்கும். அதைப் பார்த்தவர், கட்டத்தின் வடிவத்தை மாற்றி முழு எண்ணாகத் தெரியவைத்திருக்கிறார், அவ்வளவுதான். ஒருமுறை போன இலக்கம் வடிவத்தை மாற்றுவதால் திரும்பி வராது. படத்தைப் பார்த்து மறுபடியும் தட்டச்சு செய்வது ஒன்றே வழி. எண்ணின் தொடக்கத்தில் இருக்கும் 0 காணாமல் போவதும், சீரியலை எக்செல் கணக்குக்கான எண்ணாக எடுத்துக்கொள்வதால்தான். தட்டச்சைத் தொடங்கும் முன்பே அந்த வரிசை முழுவதையும் டெக்ஸ்ட் என்று மாற்றிவைத்தால் இரண்டும் நேராது. இது தெரியாதவர்கள் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது என்பது என் கருத்து.

இதுவரை சொன்னவற்றைக் கவனக்குறைவு என்று விட்டுவிடலாம். அடுத்ததை மோசடி என்றுதான் சொல்லவேண்டும். தண்ணீர் மோட்டாரின் தகடு பளபளப்பானது; படத்தில் ஃபிளாஷ் வெளிச்சம் விழுந்து வோல்டேஜ் இருக்கும் இடம் வெள்ளையாகிவிட்டது. அந்த இடத்தில் யாராலும் எதையும் படிக்க முடியாது. ஆனால் தாளில் 230 என்று இருந்தது. அது 415 வோல்ட் மும்முனை மோட்டார். கேட்டதற்கு, "வீட்டுச் சாமான் எல்லாம் 230 தானே சார்" என்று அந்த நிறுவனத்துக்காரர் பதில் சொன்னார். படித்ததையும் ஊகித்ததையும் ஒரே மாதிரி எழுதிவைத்தால், சரியாக இருக்கும் கட்டங்களையும் நம்பமுடியாமல் போகிறது. பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். திருத்தித் தருவதற்கும் மறுபடி கூலி கேட்டார்.

எனவே வேலையைக் கொடுக்கும்போதே சில விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். படிக்க முடியாததைக் காலியாக விட்டு, "படம் மீண்டும் தேவை" என்று குறிக்கவேண்டும். ஒவ்வொரு வரிக்கும் நேராக அந்தப் படத்தின் கோப்புப் பெயர் இருக்கவேண்டும். பவர் கட்டத்தில் எண்ணோடு, தகட்டில் அதற்கு முன்னால் இருக்கும் சொற்களையும் அப்படியே எழுதவேண்டும். அப்போதுதான் குளிரூட்டும் திறன் பவர் என்ற பெயரில் நுழையாது. ஸ்பிளிட் ஏசியில் உள் யூனிட்டுக்கும் வெளி யூனிட்டுக்கும் தனித்தனி மாடலும் சீரியலும் உண்டு. இரண்டையும் இரு வரிகளாகக் கேளுங்கள்.

மீதித் தொகையைக் கொடுக்கும் முன், சீரியல் வரிசையை அகர வரிசைப்படி அடுக்கிப் பார்த்தால், ஒரே எண் திரும்ப வருவதும் எல்லாம் 0 இல் முடிவதும் உடனே தெரிந்துவிடும். O என்ற எழுத்தும் 0 என்ற இலக்கமும், B என்பதும் 8 என்பதும் இடம் மாறியிருப்பது மட்டும் இதில் பிடிபடாது. ஒரே மாடலின் எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, எந்த இடத்தில் எழுத்து வரும், எந்த இடத்தில் இலக்கம் வரும் என்று ஒப்பிட்டால் பெரும்பாலும் தெரியும்.

நாங்கள் இப்போது ஃபிளாஷை அணைத்து, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்து, தகடு மட்டும் திரை முழுவதும் நிற்கும்படி மறுபடி படம் எடுத்து வருகிறோம். மொட்டை மாடியில் வெயிலில் வெளுத்துப்போன வெளி யூனிட் ஸ்டிக்கர்கள் எந்த வெளிச்சத்திலும் தெரியவில்லை. அவற்றின் சீரியல் எண்ணை வாங்கிய பில்லிலிருந்து எடுத்து, பக்கத்துக் கட்டத்தில் "பில்லிலிருந்து" என்று குறித்துவைக்கிறோம்.