ஸ்வாப் ஃபைலா, பார்ட்டிஷனா? ஹைபர்னேட் வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

அக்கா பையன் பாலக்கோட்டிலிருந்து ராயக்கோட்டை வழியாக ஓசூருக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய்வருகிறான். அவனுடைய லேப்டாப்பில் உபுண்டு போட உட்கார்ந்தபோது அவன் கேட்டது ஒன்றுதான்: "மாமா, ராத்திரி மூடி வெச்சா காலையில பாதி சார்ஜ்கூட இருக்கறதில்ல. திறந்து வெச்சதும் அப்படியே இருக்கணும், சார்ஜும் போகக்கூடாது."

ஸ்லீப்பில் ரேமுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். ரேம் பற்றாதபோது மிச்சத்தைத் தள்ளி வைக்க டிஸ்கில் ஒதுக்கும் இடம்தான் ஸ்வாப். ஹைபர்னேட்டில் ரேமில் உள்ளதை அந்த ஸ்வாப்பில் எழுதி வைத்துவிட்டு மெஷின் முழுதாக அணைந்துவிடும். அவனுக்கு வேண்டியது இதுதான்.

ஹைபர்னேட் வேண்டாம் என்பவர்கள் யோசிக்கவே வேண்டியதில்லை, ஸ்வாப் ஃபைல் போதும். உபுண்டு 17.04 முதல் அதைத்தான் தானாக வைக்கிறது. பார்ட்டிஷன்தான் வேகம் என்பது பழைய நம்பிக்கை. ஃபைல் டிஸ்கில் எங்கெங்கே இருக்கிறது என்று கெர்னல் swapon நேரத்திலேயே குறித்துக்கொண்டு, பிறகு ஃபைல் சிஸ்டம் வழியாகப் போகாமல் நேராக எழுதுகிறது. 8 ஜிபி ரேமுக்கு 2 முதல் 4 ஜிபி வைத்தால் சரி. பற்றாவிட்டால் பிறகு பெரிதாக்கிக்கொள்ளலாம்.

ஹைபர்னேட் வேண்டும் என்றால்தான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியவரும். மெஷின் எழும்போது, ரூட் பார்ட்டிஷனை மவுன்ட் செய்வதற்கு முன்பே, ஸ்வாப்பில் எழுதி வைத்த பதிவைப் படித்தாக வேண்டும். அந்த நேரத்தில் `/swapfile` என்ற பெயருக்கு அர்த்தமே கிடையாது. ஃபைல் எந்த டிஸ்கில், எத்தனையாவது பிளாக்கில் தொடங்குகிறது என்று நாம்தான் எண்ணாகச் சொல்லித்தர வேண்டும். ext4-இல் அந்த எண்ணை இப்படி எடுக்கலாம்:

```
sudo filefrag -v /swapfile | head -n 4
```

`0:` என்று தொடங்கும் வரியில் `physical_offset` என்பதன் கீழே வரும் முதல் எண்தான் அது. 38912 என்று வந்தால், கெர்னல் வரியில் இப்படிச் சேர்க்க வேண்டும்:

```
resume=UUID=<ரூட் பார்ட்டிஷனின் UUID> resume_offset=38912
```

பார்ட்டிஷனுக்கு இந்த எண் தேவையில்லை. ஸ்வாப் பார்ட்டிஷனின் UUID மட்டும் போதும். initramfs-tools உள்ள டெபியன், உபுண்டுவில் பெரும்பாலும் அதையும் தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளும்.

இந்த எண்ணால் நானே அடிபட்டிருக்கிறேன். என் மெஷினில் 8 ஜிபி ஸ்வாப் ஃபைலை அழித்துவிட்டு 12 ஜிபியாகப் புதிதாக உருவாக்கினேன். புது ஃபைல் டிஸ்கில் வேறு இடத்தில் உட்கார்ந்தது, கெர்னல் வரியில் பழைய எண்ணே இருந்தது. ஹைபர்னேட் ஆகும்போது எந்தக் குறையும் தெரியவில்லை. மறுநாள் ஆன் செய்தபோது சும்மா புதிதாக பூட் ஆகி லாகின் திரை வந்தது. சேமிக்காத வேலை எல்லாம் போச்சு. அணைப்பது ஒழுங்காக நடந்து, எழும்போது எல்லாம் காலியாக இருந்தால் முதலில் இந்த எண்ணைத்தான் பாருங்கள்.

பார்ட்டிஷனின் குறை அளவில் இருக்கிறது. ரூட்டைச் சுருக்கித்தான் அதைப் பெரிதாக்க முடியும், ext4-ஐச் சுருக்க லைவ் யூஎஸ்பியில் பூட் செய்தாக வேண்டும். அதனால் அளவை இன்ஸ்டால் நேரத்திலேயே சரியாக வைத்துவிட வேண்டும்.

கெர்னல் பதிவைச் சுருக்கித்தான் எழுதும், இயல்பாக ரேமில் ஐந்தில் இரண்டு பங்குக்குள் அடக்கப் பார்க்கும். அதை நம்பி 8 ஜிபி ரேமுக்கு 4 ஜிபி வைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அன்றாட ஸ்வாப்பும் அதே இடத்தில்தான் இருக்கிறது. பிரவுசரில் முப்பது டேப் திறந்து ஏற்கெனவே 3 ஜிபி ஸ்வாப்புக்குப் போயிருந்தால், பதிவுக்கு மிச்சம் 1 ஜிபிதான். `Not enough swap space for hibernation` என்ற செய்தி வருவது இப்படித்தான். ரேம் அளவோடு 2 ஜிபி சேர்த்துக்கொள்வது என் கணக்கு.

இவனிடம் இருப்பது 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. ஒரு ரேம் ஸ்லாட் காலி, தீபாவளிக்குள் 16 ஆக்கப் போகிறானாம். இன்றைய ரேமுக்கு 10 ஜிபி போதும், ஆனால் வரப்போகும் ரேமுக்கு 18 வேண்டும். அதனால் 18 ஜிபிக்கே பார்ட்டிஷன் போட்டேன். 8 ஜிபி இடம் இப்போதைக்குச் சும்மா கிடக்கும், பரவாயில்லை. இனி இதே டிஸ்கில் இன்னொரு லினக்ஸ் போட்டால் அந்த ஸ்வாப்பை ஃபார்மட் செய்ய விடாதே என்று அவனிடம் சொல்லி வைத்தேன். செய்தால் UUID மாறிவிடும், உபுண்டு பூட் ஆகும்போது இல்லாத டிஸ்குக்காகக் காத்துக்கொண்டு நிற்கும்.

எல்லாம் போட்ட பிறகும் `cat /sys/power/disk` கொடுத்தால் `[disabled]` என்றே வந்தது. செக்யூர் பூட் ஆன் செய்திருந்தால் உபுண்டு கெர்னல் ஹைபர்னேட்டைத் தடுத்துவிடும். பயாஸில் அதை அணைத்தோம். உபுண்டு மெனுவில் ஹைபர்னேட் இருக்காது என்பதால், சேமிக்காத ஒரு குறிப்பைத் திறந்து வைத்துவிட்டு `sudo systemctl hibernate` கொடுத்தோம். சார்ஜரைக் கழற்றி ராத்திரி முழுக்கப் பையிலேயே விட்டோம். காலையில் பவர் பட்டனை அமுக்கியதும் அந்தக் குறிப்பு அப்படியே வந்தது.