உறைந்த தேனை இளக்க: வெயிலா, அடுப்பா, வெந்நீரா?

ஏற்காட்டில் வாங்கி வைத்த தேன் மார்கழியில் ரவை ரவையாக உறைந்துவிட்டால், உடனே எழும் சந்தேகம் “சர்க்கரைப் பாகு கலந்திருப்பார்களோ?” என்பதுதான். உறைவதை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. தேனில் தண்ணீர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். அதில் கரைந்து நிற்கக்கூடியதைவிடக் குளுக்கோஸ் அதிகம் இருப்பதால், குளிர்ந்ததும் அது படிகமாகப் பிரிகிறது. 14 டிகிரி வாக்கில் இது வேகமாக நடக்கும். மலையின் குளிர்கால இரவுகள் அதற்குத் தோதானவை.

கெட்டுவிட்டதா என்பதை மூக்கு சொல்லிவிடும். மேலே நுரை, கள் போன்ற புளித்த வாடை, மூடியைத் திறந்தால் ‘புஸ்’ என்று காற்று: இவை இருந்தால் புளித்துவிட்டது, இளக்கிப் பயனில்லை. அடியில் குருணையும் மேலே நீர்த்த தேனுமாகப் பிரிந்து நிற்பதை அதிக நாள் விடக்கூடாது. நீர் கூடிய அந்த மேல்பகுதியில்தான் ஈஸ்ட் வளரும்.

இளக்குவதற்கு என் ஓட்டு வெந்நீருக்கே. அடுப்பில் நேரடியாக வைத்தால் அடி கருகும். மைக்ரோவேவில் ஒரு பக்கம் கொதிக்க, நடுவில் கட்டி அப்படியே நிற்கும். சேலத்துச் சித்திரை வெயில் இளக்கிவிடும், ஆனால் மூடிய பாட்டிலுக்குள் சூடு எவ்வளவு ஏறுகிறது என்பது நம் கையில் இல்லை. தேனின் நொதிகளுக்கு வெளிச்சமும் ஆகாது.

எல்லாமே சூட்டின் அளவில்தான் இருக்கிறது. தண்ணீர் 45 டிகிரியைத் தாண்டக்கூடாது. 60-ஐத் தாண்டினால் நொதிகள் அழியும், நிறம் கறுக்கும், பூமணம் போய்விடும். சமையல் வெப்பமானி இல்லாவிட்டாலும் கணக்கு எளிது. சேலத்தில் குழாய்த் தண்ணீர் 27 டிகிரி என்றால், கொதிநீர் ஒரு பங்குக்கு அது மூன்று பங்கு. ஏற்காட்டுக் குளிரில் தண்ணீர் 18 டிகிரி என்றால் இரண்டு பங்கு போதும். இரண்டிலும் 45-ஐ ஒட்டியே வரும். பாத்திரம் கொஞ்சம் சூட்டை இழுத்துக்கொள்வது நமக்கு நல்லதுதான்.

அரை கிலோ கண்ணாடி பாட்டிலை மூடியோடு, தேன் மட்டம் வரை தண்ணீர் நிற்கும்படி பெரிய குண்டானில் வையுங்கள். மேலே தட்டு போட்டு மூடி, அரை மணிக்கொரு முறை தண்ணீரை மாற்றி, ஈரமில்லாத கரண்டியால் கிளறுங்கள். இரண்டு மணி நேரம்வரை பிடிக்கும். அடியோடு கல்லாக இறுகியிருந்தால் இன்னும் கூடும். பிளாஸ்டிக் பாட்டில் சூட்டைத் தேனுக்கு மெதுவாகத்தான் கடத்தும். கரண்டியால் எடுக்க வருமானால் கண்ணாடிக்கு மாற்றிவிடுங்கள்.

பலர் கோட்டைவிடுவது கடைசியில்தான். தேன் ஓடத் தொடங்கியதும் எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சிய பொடிக் குருணைகளைப் பற்றிக்கொண்டு அடுத்த படிகங்கள் வளர, சில வாரங்களில் மறுபடி உறைகிறது. பாட்டிலுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாகத் தெரிந்தால் இன்னொரு முறை தண்ணீரை மாற்றுங்கள். அப்புறம் ஃபிரிட்ஜில் வைக்காமல், சமையலறையில் வெளிச்சம் படாத அலமாரியில் இறுக மூடி வைத்தால் போதும்.