நேர்மின்வாய் நீர்மின்வாய் ஆகும்போது: பாட வீடியோவுக்கு சப்டைட்டில் போட்ட அனுபவம்

யூடியூப் தானாகத் தரும் தமிழ் சப்டைட்டிலை அப்படியே விட்டுவிடலாமா, திருத்த வேண்டுமா, புதிதாக எழுத வேண்டுமா? பாட வீடியோவைப் பொறுத்தவரை பதில், திருத்த வேண்டும் என்பதுதான். 15 நிமிடப் பாடத்தைத் திருத்த ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். ஒன்றும் இல்லாமல் தட்டச்சு செய்தால் இதைப் போல மூன்று மடங்காவது ஆகும். தானியங்கி வரியில் சாதாரணப் பேச்சு பெரும்பாலும் சரியாகவே வந்துவிடுகிறது. தப்பு கலைச்சொல்லில்தான் விழுகிறது. மாணவர் புதிதாகக் கற்கும் சொல்லும் அதுதான் என்பதால் விட்டுவிட முடியாது.

பத்தாம் வகுப்பு நீரின் மின்னாற்பகுப்புப் பாடத்தையே பார்க்கலாம். எதிர்மின்வாயில் ஹைட்ரஜன், நேர்மின்வாயில் ஆக்சிஜன், கன அளவில் இரண்டுக்கு ஒன்று. பாடமே தண்ணீரைப் பற்றியது என்பதால் "நேர்" என்ற ஒலி அடிக்கடி "நீர்" என்று பதிவாகிறது. படிக்கிற பிள்ளைக்கு நீர்மின்வாய் என்று ஒன்று இருப்பதுபோலவே தோன்றும். அதனால்தான் இது ஆபத்தான தப்பு.

முதலில் கோப்பைக் கையில் எடுக்க வேண்டும். கணினியில் யூடியூப் ஸ்டுடியோவைத் திறந்து, இடப்பக்கம் `Subtitles` போய், வீடியோவைத் தேர்ந்தெடுங்கள். வீடியோவின் மொழி தமிழ் என்று அமைந்திருக்கிறதா என்பதை அங்கேயே பாருங்கள். ஆங்கிலம் என்று இருந்தால் தமிழ்ப் பேச்சுக்கு அர்த்தமில்லாத ஆங்கிலச் சொற்கள் வரும், அதைத் திருத்தி மாளாது. தமிழ் தானியங்கி வரிசை வந்திருந்தால் `Duplicate and edit` மூலம் அங்கேயே திருத்தலாம். ஐந்து நிமிட வீடியோவுக்கு அது போதும். அதைவிட நீளமானால் `.srt` கோப்பாக இறக்கி, சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் திருத்துவதே நல்லது. கையில் ஒரு பிரதி இருக்கும். பாடத்தை மறுபடி பதிவேற்ற நேர்ந்தாலும் உழைப்பு வீணாகாது.

இறக்கிய கோப்பில் இரண்டு வரிகள் இப்படி இருக்கும்:

```
41
00:04:12,300 --> 00:04:15,800
ஆக்சிஜன் வாயு நீர்

42
00:04:15,100 --> 00:04:18,600
மின்வாயில் சேருது அளவு பாதி
```

இதில் கவனிக்க இரண்டு விஷயம். முதலாவது, 41 முடிவதற்கு முன்பே 42 தொடங்கிவிடுகிறது. தானியங்கி வரிகள் இப்படி ஒன்றன்மேல் ஒன்று ஏறியே வரும். அப்படியே விட்டால் திரையில் இரண்டு வரி குவிந்து நிற்கும். சப்டைட்டில் எடிட்டில் `Fix common errors` போய் மேலேறும் நேரங்களைச் சரிசெய்யும் தேர்வை மட்டும் கொடுத்தால் மொத்தமாகத் தீர்ந்துவிடும். இதை முதல் வேலையாகச் செய்யுங்கள். கடைசியில் செய்தால் கையால் நகர்த்திய நேரங்களையும் அது மாற்றிவிடும்.

இரண்டாவது, தப்பான சொல் இரண்டு வரிக்கிடையே உடைந்து கிடக்கிறது. "நீர் மின்வாய்" என்று தேடினால் இது சிக்காது. "நீர்" என்பதை எல்லா இடத்திலும் "நேர்" என்று மாற்றினாலோ, "நீர் மூலக்கூறு" "நேர் மூலக்கூறு" ஆகிவிடும். அதனால் கடைசி எழுத்தை விட்டு "மின்வா" என்று மட்டும் தேடி, ஒவ்வொரு இடத்திலும் முந்தைய வரியின் கடைசிச் சொல்லையும் பாருங்கள். மோல் பற்றிய பாடத்தில் "மேல்" என்று வருவதும் இதே வகை. "அதற்கு மேல்", "மேல்பகுதி" எல்லாம் அதே பாடத்தில் இருப்பதால் அங்கேயும் மொத்த மாற்றம் கூடாது.

திருத்திய பின்:

```
41
00:04:12,300 --> 00:04:14,600
ஆக்சிஜன் வாயு

42
00:04:14,700 --> 00:04:18,600
நேர்மின்வாயில் சேருது. அளவு பாதி.
```

"நேர்" அடுத்த வரிக்குப் போனதால் அந்த வரியின் தொடக்கமும் 15,100-லிருந்து 14,700-க்கு முன்னால் வந்திருக்கிறது. சொல்லை நகர்த்திவிட்டு நேரத்தை விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் பிழை. ஒலி முதலில் கேட்கும், எழுத்து பின்னால் வரும். "சேருது" என்பதை "சேர்கிறது" என்று மாற்றவில்லை. காதில் ஒன்று, கண்ணில் வேறொன்று என்றால் இரண்டையும் சேர்த்துப் பின்தொடரும் மாணவர் தடுமாறுவார். எழுத்துப்பிழை இல்லாமல், பேசியது பேசியபடி இருந்தால் போதும்.

இதில் நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. பக்கத்தில் கடலூரில் தமிழ்நாட்டுப் பாடநூல்தான். ஒரே வீடியோவைப் பார்க்கும் ஒரு பிள்ளைக்குக் கேத்தோடு, இன்னொரு பிள்ளைக்கு எதிர்மின்வாய். ஆசிரியர் எந்தச் சொல்லைச் சொன்னாரோ அதையே வரியில் வையுங்கள், மற்றதை வீடியோ விளக்கத்தில் ஒருமுறை எழுதிவிடுங்கள். சப்டைட்டிலுக்குள் இரண்டையும் திணித்தால் வரி நீண்டு, படித்து முடிப்பதற்குள் மறைந்துவிடும்.

நீளத்தைப் பற்றி மென்பொருள் தரும் எச்சரிக்கையை அப்படியே நம்ப வேண்டாம். "நேர்மின்வாய்" நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. கணினி புள்ளியையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணி 12 என்று கணக்கிடும். அதனால் தமிழ் வரி சீக்கிரமே சிவப்பாகிவிடும். வாய்விட்டு ஒருமுறை படித்து, நேரத்துக்குள் முடிகிறதா என்று பார்ப்பதே சரியான சோதனை.

சேமிக்கும்போது குறிமுறை `UTF-8` என்று இருக்க வேண்டும். பழைய நோட்பேடில் `ANSI` என்று சேமித்தால் தமிழ் முழுதும் கேள்விக்குறியாகிவிடும், திரும்பவும் வராது. இன்னொன்று, நோட்பேடில் கோப்பு வகையை `All files` என்று மாற்றாவிட்டால் `paadam.srt.txt` என்று பெயர் விழும். ஸ்டுடியோ அதை நேரம் இல்லாத வெறும் உரையாக எடுத்துக்கொள்ளக்கூடும். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பாடக்குறிப்பிலிருந்து ஒட்டுபவர்கள் முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும்.

பதிவேற்ற, அதே `Subtitles` பக்கத்தில் தமிழ் வரிசையில் `Add` கொடுத்து, `Upload file`, பிறகு `With timing` என்று தேர்ந்தெடுத்துக் கோப்பைக் கொடுங்கள். `Publish` அழுத்தாதவரை அது வரைவாகவே கிடக்கும். வெளியிட்ட பின் மாணவரின் பட்டியலில் தானியங்கித் தமிழும் கூடவே தெரிந்தால் அதை ஸ்டுடியோவில் நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் பாதிப் பேர் நீர்மின்வாயைத்தான் படித்துக்கொண்டிருப்பார்கள்.

கடைசியாக, தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். மூன்றிலும் ஒரே அளவு, 7 நொடி என்று வைத்துக்கொள்வோம், தள்ளியிருந்தால் முகப்புக் காட்சியை வெட்டிய பதிப்புக்குப் பழைய கோப்பைப் போட்டிருக்கிறீர்கள். `Adjust all times` ஒன்றே போதும். தொடக்கம் சரியாக இருந்து நடுவில் திடீரென விலகினால் அந்த இடத்தில் வீடியோ வெட்டப்பட்டிருக்கிறது. வெட்டுக்குப் பிந்தைய வரிகளை மட்டும் தேர்ந்தெடுத்து நகர்த்துங்கள். போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடினால் அது பிரேம் வேகத்தின் வேறுபாடு. அதற்கு நகர்த்தல் உதவாது, `Change frame rate` தான் வழி.