ஒரு வீடியோவுக்குக் கொடுத்த லிங்க், முழு பிளேலிஸ்டுக்கும் பில்: யூடியூப் லிங்க் கொடுக்குமுன் கவனிக்கவும்

யூடியூப் வீடியோவின் பேச்சை எழுத்தாக்கித் தரும் இணையச் சேவைகளில் பணம் கட்டி வேலை வாங்குபவர்களுக்காக இந்தப் பதிவு. சப்டைட்டில் போடுவது, டப்பிங் செய்வது என்று நிமிடக் கணக்கில் காசு வாங்கும் எந்தச் சேவைக்கும் இது பொருந்தும்.

நடந்தது இதுதான். ஒரு வாடிக்கையாளருக்கு 14 நிமிட வீடியோ ஒன்றின் பேச்சு மட்டும் எழுத்தாக வேண்டியிருந்தது. வீடியோ ஓடிக்கொண்டிருந்தபோது பிரவுசரின் அட்ரஸ் பாரில் இருந்த லிங்கை அப்படியே காப்பி செய்து சேவையின் படிவத்தில் ஒட்டினார். திரையில் அந்த ஒரு வீடியோவின் படமும் தலைப்பும்தான் தெரிந்தன. மொத்தம் எத்தனை வீடியோ, எத்தனை நிமிடம் என்று எங்கும் காட்டவில்லை. தொடங்கு பட்டனை அழுத்தினார். முன்பணமாகக் கட்டி வைத்திருந்ததில் 560 நிமிடம் கழிந்துபோனது. அந்த வீடியோ 38 வீடியோக்கள் கொண்ட ஒரு பிளேலிஸ்டில் இருந்தது. சேவை அத்தனையையும் எழுத்தாக்கி, கேட்ட வேலையைப் போல 40 மடங்கு எடுத்துக்கொண்டது. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு வந்த பதில்: "நீங்கள் கொடுத்தது பிளேலிஸ்ட் லிங்க்."

அந்தப் பதில் தவறு. ஏன் தவறு என்பது லிங்கைப் பார்த்தாலே தெரியும். அவர் ஒட்டியது இந்த வடிவில் இருந்தது (வீடியோ, பிளேலிஸ்ட் அடையாளங்களை மாற்றியிருக்கிறோம்):

```
https://www.youtube.com/watch?v=AbCdEfGhIjK&list=PL...&index=7
```

பிளேலிஸ்டின் லிங்க் என்பது இது:

```
https://www.youtube.com/playlist?list=PL...
```

முதலாவதில் `watch` என்று இருக்கிறது, `v=` என்பதற்குப் பின்னால் குறிப்பிட்ட ஒரு வீடியோவின் 11 எழுத்து அடையாளமும் இருக்கிறது. `list=` பகுதி, அந்த வீடியோ எந்த வரிசைக்குள் வைத்துப் பார்க்கப்படுகிறது என்பதைச் சொல்கிறது. `index=7` அந்த வரிசையில் அதன் இடம். இரண்டாவதில் வீடியோ அடையாளமே கிடையாது. ஆக, முதல் லிங்க் வந்தால் ஒரு நேர்மையான சேவை இரண்டில் ஒன்றைச் செய்ய வேண்டும்: `v=` வீடியோவை மட்டும் எடுக்க வேண்டும், அல்லது "இது மட்டுமா, முழு வரிசையுமா?" என்று கேட்க வேண்டும். வேலையைத் தொடங்குமுன்பே மொத்த நிமிடத்தை அந்தச் சேவையால் கணக்கிட முடியும். அதைக் காட்டாமல் பணத்தைக் கழித்ததுதான் இங்கே நடந்த அநியாயம்.

இதில் மென்பொருளின் பங்கும் உண்டு. வீடியோ இறக்கப் பரவலாகப் பயன்படும் `yt-dlp` கருவி, `v=`, `list=` இரண்டும் உள்ள லிங்கைப் பெற்றால், வேறு கட்டளை இல்லாதவரை முழு பிளேலிஸ்டையும் இறக்கும். ஒன்று மட்டும் போதும் என்றால் சொல்லித்தான் ஆக வேண்டும்:

```
yt-dlp --no-playlist "லிங்க்"
```

இப்படிப்பட்ட கருவியைப் பின்னால் வைத்து நடத்தும் சேவை, இந்த ஒரு சொல்லைச் சேர்க்காமல் விட்டாலே போதும். வாடிக்கையாளரின் பணம் போய்விடும். நீங்களே கட்டளை கொடுப்பவர் என்றால் மேற்கோள் குறியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் `&` குறியோடு லிங்க் முடிந்துவிட்டதாக டெர்மினல் எடுத்துக்கொள்ளும்.

பிளேலிஸ்டையே தொடவில்லை, ஆனாலும் `list=` வந்திருக்கிறதே என்று சிலர் குழம்புவார்கள். அது பெரும்பாலும் யூடியூப் தானாகக் கோத்துத் தரும் மிக்ஸ். அதில் `list=RD` என்று தொடங்கும். பின்னால் `start_radio=1` என்றும் இருக்கக்கூடும். இதுதான் மிக ஆபத்தானது. மிக்ஸ் ஆளுக்கு ஆள் மாறும், நீண்டுகொண்டும் போகும். சேவை எதை எடுக்கும், எத்தனை எடுக்கும் என்று உங்களால் ஊகிக்கவே முடியாது.

ஒரு வீடியோ மட்டும் வேண்டும் என்றால், அட்ரஸ் பாரை நம்பாமல் லிங்கை நீங்களே கட்டிக்கொள்வதுதான் சரி. `v=` என்பதற்குப் பின்னால் உள்ள 11 எழுத்துகளை மட்டும் எடுத்து இப்படி எழுதுங்கள்:

```
https://youtu.be/AbCdEfGhIjK
```

முதல் `&` குறியிலிருந்து வெட்டிவிடுங்கள் என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலும் சரிவரும். ஆனால் சில லிங்குகளில் `list=` முன்னாலும் `v=` பின்னாலும் இருக்கும். அங்கே வெட்டினால் வேண்டிய வீடியோ போய் பிளேலிஸ்ட்தான் மிஞ்சும். 11 எழுத்துகளில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு உண்டு. `-`, `_` ஆகியவையும் வரலாம். அதனால் கையால் தட்டாமல் காப்பி செய்யுங்கள்.

போனில் வீடியோவுக்குக் கீழே உள்ள `Share` பட்டனை அழுத்தி லிங்கை காப்பி செய்தால் பின்னால் `?si=` என்று ஒரு வால் வரும். அது பகிர்வைக் கண்காணிக்க யூடியூப் சேர்ப்பது, வீடியோவை மாற்றாது. நீக்கினாலும் லிங்க் வேலை செய்யும். `t=90` என்று இருந்தால் 90ஆவது வினாடியிலிருந்து ஓடும், அவ்வளவுதான். அந்த இடத்திலிருந்து மட்டும் வேலை செய்வார்கள் என்று எண்ண வேண்டாம். பிளேலிஸ்ட் பக்கத்தில் ஒரு வீடியோவின் தலைப்பில் வலது கிளிக் செய்து லிங்கை எடுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். அங்கே எடுக்கும் லிங்கோடு `list=` ஒட்டிக்கொண்டே வரும்.

சரிபார்க்க, லிங்கை பிரவுசரின் இன்காக்னிட்டோ விண்டோவில் ஒட்டிப் பாருங்கள். வீடியோவின் பக்கத்தில் வரிசைப் பட்டியல் பெட்டி தெரிந்தால் `list=` இன்னும் உள்ளே இருக்கிறது. வீடியோவே திறக்கவில்லை என்றால் அது பிரைவேட்டாக இருக்கலாம், சேவைக்கும் திறக்காது.

முழு பிளேலிஸ்டுக்கும் வேலை வேண்டும் என்பவர்கள், வீடியோ ஓடும்போது பட்டியல் பெட்டியின் மேலே உள்ள பிளேலிஸ்ட் பெயரை அழுத்துங்கள். திறக்கும் பக்கத்தின் அட்ரஸில் `playlist?list=` இருக்கும், அதுதான் லிங்க். பிளேலிஸ்டின் சொந்தக்காரர் எப்போது வேண்டுமானாலும் வீடியோக்களைச் சேர்க்கலாம், நீக்கலாம். லிங்க் மட்டும் மாறாது. இன்று 12 வீடியோவுக்கு விலை பேசி, அடுத்த வாரம் வேலை தொடங்கினால் 20 வீடியோவுக்கு பில் வரக்கூடும். எண்ணிக்கையையும் மொத்த நிமிடத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். `list=WL` என்பது உங்கள் கணக்கின் `Watch later` பட்டியல், மற்றவருக்குத் திறக்காது.

சேனல் லிங்கை இத்தகைய படிவங்களில் ஒட்டவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அதற்கு முடிவே இல்லை: வீடியோ, ஷார்ட்ஸ், நேரலை எல்லாம் அதற்குள் வரும். ஒரு சேனலை அடையாளம் காட்ட மட்டும் வேண்டுமானால், வீடியோவுக்குக் கீழே சேனல் பெயரை அழுத்தி வரும் பக்கத்தின் லிங்கை எடுக்கலாம். அது `youtube.com/@பெயர்` என்ற வடிவில் இருக்கும். ஆனால் அந்த @ பெயரை சேனல்காரர் மாற்றலாம். பழைய பெயரை யூடியூப் 14 நாள் மட்டுமே அவருக்காக ஒதுக்கி வைத்திருக்கும். நிலையானது `UC` என்று தொடங்கும் 24 எழுத்து அடையாளம். கணினியில் சேனல் விவரத்தைத் திறந்து `Share channel` அழுத்தினால் `Copy channel ID` இருக்கும். அதை `youtube.com/channel/` என்பதற்குப் பின்னால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே பணம் கழிந்துவிட்டவர்கள், படிவத்தில் ஒட்டிய லிங்கை முழுசாக, ஒரு எழுத்தும் வெட்டாமல் புகாரோடு இணையுங்கள். `watch?v=` பகுதியைச் சுட்டிக்காட்டுங்கள். படிவத்தில் ஒரே வீடியோவின் தலைப்பைக் காட்டிய ஸ்கிரீன்ஷாட் இருந்தால் அதையும், வீடியோ வாரியாக நிமிடம் கழிந்த பட்டியலையும் சேர்த்து அனுப்புங்கள். அவர்கள் மறுத்தால், அட்டை வழியே கட்டியிருந்தால் வங்கியில் புகார் பதிவு செய்யவும் இதே ஆவணங்கள்தான் தேவைப்படும்.