வாழ்த்துச் சொல்லி மெயில் அனுப்பித் தருகிறோம் என்பவர்களிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள்

ஆம்பூரில் சேஃப்டி ஷூ தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் எங்களுடையது. புது ஆர்டர் பிடிக்க வேலூரில் ஒரு ஏஜென்சிக்கு 45,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன். பெயர் சொல்லப் போவதில்லை.

"அண்ணே, சும்மா எழுதினா யாரும் படிக்க மாட்டாங்க. ஒரு கம்பெனிக்கு முதலீடு வந்திருக்கும், புது ஆள் சேர்ந்திருப்பார். அதைச் சொல்லி ஆரம்பிச்சா படிப்பாங்க" என்றார் ஏஜென்சியில் இருந்த தம்பி. யோசனையில் தப்பில்லை. புது சேஃப்டி ஆபீசர் வந்தால், முதல் சில மாதங்களில் பழைய சப்ளையர்களை ஒருமுறை புரட்டிப் பார்ப்பார். நமக்கு அதுதான் நேரம்.

600 மெயில் போனது. முதலீடு வந்தவை என்று எடுத்ததில் பாதிக்கு மேல் பெங்களூரு சாஃப்ட்வேர் கம்பெனிகள். ஏசி அறையில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுபவருக்கு ஸ்டீல் டோ வைத்த ஷூ எதற்கு? எல்லா மெயிலிலும் முதல் வரி வாழ்த்து, இரண்டாவது வரியிலிருந்து எங்கள் விலைப்பட்டியல். அந்தச் செய்திக்கும் ஷூவுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு வார்த்தை கிடையாது.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒருவர் போனே செய்துவிட்டார். "சார், புதுசா சேர்ந்ததுக்கு வாழ்த்துன்னு போட்டிருக்கீங்க. நான் இங்க வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. லிங்க்ட்இன்ல இப்பதான் மாத்தினேன்." பாவம், சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் கூசியது.

அப்புறம்தான் அவர்களுடைய எக்செல் ஷீட்டைக் கேட்டு வாங்கினேன். தேதி என்ற பத்தியில் 600 வரிக்கும் ஒரே தேதி, அவர்கள் டவுன்லோட் செய்த நாள். ஆள் சேர்ந்த நாளும் இல்லை, முதலீடு வந்த நாளும் இல்லை. முதலீட்டுச் செய்தி, பணம் கைக்கு வந்து பல மாதம் கழித்தும் வெளியாகும். அதிலும் பழைய செய்தியை எடுத்தால் வாங்க வேண்டியதை எல்லாம் வாங்கி முடித்திருப்பார்கள். பணம் கொடுக்கும் முன்பே இந்த ஷீட்டில் பத்து வரியைக் கேட்டிருக்க வேண்டும்.

பெரிய அடி வேறு. எங்கள் பில் அனுப்பும் அதே மெயில் ஐடியிலிருந்தே அத்தனையும் அனுப்பியிருக்கிறார்கள். பலர் ஸ்பேம் என்று தட்டிவிட்டார்கள் போல. ராணிப்பேட்டையில் எங்கள் பழைய கஸ்டமருக்கு அனுப்பிய பில் ஸ்பேமில் கிடந்து, பணம் வர மூன்று வாரம் தள்ளிப்போனது.

பிறகு நானே ஒன்று செய்து பார்த்தேன். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலை சேஃப்டி ஆபீசர் வேலைக்கு விளம்பரம் போட்டிருந்தது. ஆள் வந்துவிட்டாரா என்று ரிசப்ஷனில் கேட்டு உறுதி செய்துகொண்டு, நாலு வரி எழுதினேன்: இப்போது ஸ்டோரில் இருக்கும் ஷூவில் சேஃப்டி ஷூவுக்கான ஐஎஸ் 15298 தர முத்திரை இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள், 7, 8 சைஸில் இரண்டு ஜோடி அனுப்புகிறேன், லைனில் வேலை செய்பவர்கள் ஒரு வாரம் போட்டுப் பார்க்கட்டும். வாழ்த்து எழுதவில்லை. "9 சைஸும் ஒன்று அனுப்புங்கள்" என்று பதில் வந்தது. ஆர்டர் இன்னும் வரவில்லை.

முன்பணத்தைத் திருப்பிக் கேட்டால் ஏஜென்சி தம்பி, "மெயில் போயிடுச்சே அண்ணே" என்கிறார்.